அந்த ஆறு செகண்டை எதுக்கு வெட்டினீங்க?

மூணு நாளா எந்த குரூப்பைத் திறந்தாலும் அதே வீடியோதான். கோபிப் பக்கம் ஒரு அமுச்சி காலை நீட்டி உக்காந்து, நாலு மாசப் பேரனைக் கால்மேல போட்டுத் தண்ணி ஊத்திக்கிட்டே பேசறாங்களே, அதேதான். "கையக் குடுங்க சாமி. கைக்கு எண்ணெய் போட்டாச்சுங்களா? ஆமாங்களா?" அவ்வளவுதான் வீடியோ. கீழே, "நாலு மாசக் குழந்தைகிட்ட பதில் கேக்குது பாட்டி", "அதுக்கு என்ன புரியும்"னு வரிசையாச் சிரிப்புப் பொம்மைகள்.

புரியாதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. அந்த அமுச்சி முடிவு பண்ணல. அவங்கதான் சரி.

குளிப்பாட்டற நேரத்துல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் அதே வரிசை. முதல்ல தலை, அப்புறம் நெத்தி, கன்னம், கை, வயிறு, கால், கடைசியில திருப்பிப் போட்டு முதுகு. எந்த உறுப்பைத் தொடறாங்களோ அதோட பேரை அதே நொடியில சொல்றாங்க. கண்ணுக்குத் தெரியறது, தோலுக்குத் தெரியறது, காதுக்குக் கேக்கறது மூணும் ஒண்ணாச் சேருது. ஒரு குளியலுக்கு "கை" மூணு தடவைன்னு வச்சாலே, வருசத்துல இருநூறு குளியலுக்கு அறுநூறு தடவை ஆச்சு. எந்தப் பாட்டு வீடியோவும் அந்தக் கையைத் தொட்டுக்கிட்டே சொல்லாது.

இன்னொண்ணு, தமிழ்ல முக்கியமானது. நம்ம சொல்லு வாலை மாத்திக்கிட்டே இருக்கும். கையக் குடு, கைக்கு எண்ணெய், கையில தண்ணி, கையோட காலும். எது மாறாம நிக்குது, எது மாறுதுன்னு குழந்தை பிரிச்சு எடுத்தாகணும். அதுக்கு ஒரே வேலை, ஒரே வரிசை, ஒரே குரல் திரும்பத் திரும்ப வரணும். அமெரிக்காவில் எலிகா பெர்கல்சனும் டேனியல் ஸ்விங்லியும் 2012இல் ஆறு முதல் ஒன்பது மாசக் குழந்தைகளைச் சோதிச்சுப் பார்த்தாங்க. சொல்லைக் கேட்டதும் குழந்தையோட கண்ணு எந்தப் படத்துக்குப் போகுதுன்னு கவனிச்சாங்க. பேச்சே வராத அந்த வயசுல தெரிஞ்சிருந்த சொற்கள் சாப்பாட்டுப் பேரும் உடம்பு உறுப்புப் பேரும். சோறூட்டறதுலயும் குளிப்பாட்டறதுலயும் வர்ற சொற்கள்.

ஆனா இந்த வீடியோவுல எனக்கு வலிக்கற இடம் வேற. "ஆமாங்களா?"ன்னு கேட்டதும் காட்சி வெட்டுப்படுது. கேட்டுட்டு அவங்க என்ன பண்ணியிருப்பாங்கன்னு குழந்தைக்குத் தண்ணி ஊத்தின எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லும். சொம்பைக் கீழே வச்சுட்டு, குனிஞ்சு, முகத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அஞ்சு, ஆறு செகண்ட். அந்த வயசுக் குழந்தைக்குப் பதில் சொல்ல அவ்வளவு நேரம் வேணும். முதல்ல கண்ணு நிலைக்கும், அப்புறம் வாய் குவியும், கால் உதைக்கும், கடைசியாத்தான் "ங்கா" வரும். ரெண்டே செகண்டுல அடுத்த பேச்சைப் போட்டா அந்த "ங்கா" தொண்டையிலயே நின்னு போகும். வந்துட்டா, "அப்படிங்களா, இன்னும் ஊத்தட்டுங்களா?"ன்னு அதே ராகத்துல திருப்பிக் குடுக்கணும். நம்ம ஊர்ல இதுக்குப் பேரே இருக்கு, ஊங் கொட்டறது. கதை கேக்கறவன் ஊங் கொட்டறதுக்கு முன்னாடியே, கதை சொல்றவங்க ஊங் கொட்டக் கத்துக் குடுக்கறாங்க.

"போன்லயும் தமிழ்ப் பாட்டுத்தானே போடறோம்"னு சொல்லுவீங்க. தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல பட்ரிஷியா கூல் 2003இல் ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வு சீன மொழி கேக்க வச்சார். நேர்ல ஆள் உக்காந்து படிச்சு, விளையாடின குழந்தைகள் அந்த மொழியோட ஒலி வேறுபாட்டைப் பிடிச்சுக்கிச்சு. அதே ஆள், அதே பேச்சு, டிவி வழியாக் கேட்ட குழந்தைகளுக்கு ஒண்ணும் ஏறல. திரை நிறுத்திக் காத்திருக்காது, குழந்தை எங்க பாக்குதுன்னு பாக்காது. ஒரு வயசுக்குள்ள திரையே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் சும்மா இல்லை. குளிப்பாட்டறப்ப ஹால்ல ஓடற சீரியலையும் நிறுத்துங்க. அந்த இரைச்சலுக்குள்ள "கை"யும் "கால்"உம் பிரிஞ்சு கேக்காது.

"திருப்பூர்ல ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போறோம், நேரம் எங்க?" இதை மட்டும் நான் லேசா எடுத்துக்க மாட்டேன். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து நிக்கறவங்களுக்குப் புத்திமதி வேண்டாம். ஆனா துணி மாத்தறீங்க, மருந்து குடுக்கறீங்க, தூங்க வைக்கறீங்க. புது நேரம் வேண்டாம், அந்த நேரத்துல வாயைத் திறந்தாப் போதும். ஒரு வேலைக்கு ஒரே ரெண்டு வரிப் பாட்டு. துணி மாத்தறப்ப ஒண்ணு, தூங்க ஒண்ணு. ராகம் கோணலானாப் பரவாயில்லை, வரி மட்டும் மாறக்கூடாது. ரெண்டு மூணு மாசம் விடாமப் பாடிட்டு, கடைசிச் சொல்லுக்கு முன்னாடி நிறுத்திப் பாருங்க. குழந்தை உங்க வாயையே பாக்கும். பிள்ளைத்தமிழ்ல செங்கீரைக்கும் தாலுக்கும் அப்புறம் ஒன்பதாம் மாசத்துக்குக் கை தட்டற சப்பாணின்னு வச்சவங்களுக்கு, எந்த மாசத்துல கை தட்டும்னு தெரிஞ்சிருந்துச்சு.

புத்தகமும் இப்படித்தான். கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே படம். குளிச்சு, பசியாறின பிறகு ரெண்டு மூணு நிமிசம் போதும். அச்சுல இருக்கறதைக் கடைசிவரை வாசிச்சு முடிக்கணும்னு இல்லை. காக்காவைத் தொட்டு "காக்கா"ன்னு சொல்லி நிறுத்துங்க. கடிச்சாக் கடிக்கட்டும். தலையைத் திருப்பினா மூடிருங்க, அது போதும்னு சொல்றதுதான் அது. "இது என்ன, சொல்லு சொல்லு"ன்னு பரீட்சை வைக்கறதுதான் கெடுக்கும். அதே புத்தகத்தை நாப்பது நாள் படிச்சாச் சலிக்கறது உங்களுக்குத்தான்.

வீட்ல தெலுங்கு, தாளவாடிப் பக்கம் கன்னடம், குழந்தை குழம்பிருமேன்னு ஒருத்தர் கேட்டார். குழம்பாது. அமுச்சிக்கு வர்ற மொழியிலயே பேசட்டும். பாட்டியை "நோஸ், இயர்"னு சொல்லச் சொல்லாதீங்க. வாய்க்குப் பழகாத சொல்லுல யாரும் கொஞ்ச மாட்டாங்க, ரெண்டு நாள்ல பேச்சே நின்னு போகும்.

"அவங்கப்பனே மூணு வயசுலதான் பேசினான்"னு சொல்றவங்ககிட்ட எனக்குப் பொறுமை இல்லை. பத்து மாசத்துல "பாபா", "தாதா"ன்னு அடுக்கு ஒலி வரலையா, பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலையா, உடனே காதைச் சோதிங்க. பேசிரும்னு காத்திருக்காதீங்க. ஆரம்பத்துல ங்கா சொன்ன குழந்தைதானேன்னு ஏமாறாதீங்க, காது கேக்காத குழந்தையும் முதல்ல ங்கா சொல்லும். பிறந்த குழந்தைக்கே செய்யற காதுச் சோதனை இருக்கு, சில நிமிச வேலை, வலி இல்லை. முதல் மாசத்துக்குள்ள சோதனை, மூணாவது மாசத்துக்குள்ள உறுதி, ஆறாவது மாசத்துக்குள்ள சிகிச்சை. அதுதான் கணக்கு.

இவ்வளவு வேலையையும் சம்பளமில்லாம செஞ்சுக்கிட்டு இருக்கற ஒரு வயசானவங்களைத்தான் மூணு நாளா ஊரே சிரிக்குது. படிப்பில்லாத கிராமத்துக் கிழவின்னு தானே? அதே பேச்சை ஒரு டாக்டரம்மா கோட்டுப் போட்டுக்கிட்டுப் பேசியிருந்தா, குறிப்பெடுத்திருப்பீங்க.

வீடியோ எடுத்த பேத்திக்கு ஒண்ணு கேக்கறேன் கண்ணு. உன் போன்ல முழுசா இருக்குமில்ல? "ஆமாங்களா?"வுக்கு அப்புறம் அவங்க நிறுத்தின இடத்தையும், அதுக்கு அவன் என்ன சொன்னான்ங்கறதையும் சேத்துப் போடு.