எடிட்டுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், ரா ஃபுட்டேஜ் யாருக்கு என்றும் பேசுங்கள்

"தம்பி, ஒரு கல்யாண வீடியோ எடிட் பண்ண எவ்ளோ?"

வைகாசி, ஆவணி வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் இந்த ஒரு வரிதான் வந்து விழுகிறது. எத்தனை கேமரா, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, என்ன மாதிரி வீடியோ வேண்டும் என்று எதுவும் இருக்காது. விலையை மட்டும் உடனே சொல்ல வேண்டும். நான் திருப்பி நாலு கேள்வி கேட்டால், "இன்னா தம்பி, ரெண்டு பாட்டு போட்டு ஒட்டற வேலைக்கு இவ்ளோ விசாரணையா?" என்கிறார்கள். வேலூரிலும் காட்பாடியிலும் எடிட்டிங் செய்து பிழைக்கும் எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். அதில் எனக்கு வரும் கோபத்தை இன்று முழுசாகக் கொட்டிவிடுகிறேன்.

போன சீசனில் குடியாத்தம் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. படம் பிடித்தது வேறு ஒரு ஸ்டூடியோ. எடிட் மட்டும் என்னிடம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். இரண்டு கேமரா, ஒரு ட்ரோன். "சின்ன வேலைதான் தம்பி" என்று ஹார்டு டிஸ்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். திறந்து பார்த்தால் எல்லாம் சேர்த்து 14 மணி நேரம். 4கே வீடியோவை 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். மொத்தம் 630 ஜிபி. இதைக் காப்பி செய்து, இன்னொரு டிஸ்கிலும் ஒரு பிரதி வைத்து, இரண்டு கேமராவையும் சத்தத்தை வைத்துப் பொருத்தி, சடங்கு வாரியாகப் பிரித்து முடிக்கவே ஒரு நாள் போய்விடும். இன்னும் ஒரு கட் கூடப் போட்டிருக்க மாட்டேன்.

போதாக்குறைக்கு அந்த ஃபுட்டேஜில் ஒரு வியாதி இருந்தது. மேடைக்குப் பின்னால் எல்ஈடி திரை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகளும் அந்தக் கணக்கில்தான் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். கேமராவின் ஷட்டர் வேகத்தை நொடியில் 50-இல் ஒரு பங்கிலோ 100-இல் ஒரு பங்கிலோ வைத்திருந்தால் மண்டபத்து விளக்காவது தொந்தரவு கொடுக்காது. ஒரு கேமராமேன் 60-இல் வைத்துவிட்டார். படம் முழுக்க மெல்லிய கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. இது எடிட்டில் முழுசாகப் போகாது. ஓரளவு மறைக்கலாம், அதற்கும் ஷாட் ஷாட்டாக உட்கார வேண்டும். பார்ட்டிக்கு இது தெரியாது. "எடிட்டர் சரியா பண்ணல" என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஃபுட்டேஜைக் கண்ணால் பார்க்காமல் எவனும் நியாயமான விலை சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவன் உங்களையோ தன்னையோ ஏமாற்றுகிறான்.

சரி, விலையை எப்படிப் போடுகிறேன் என்று திறந்தே சொல்கிறேன். என் நாள் கூலி 2,000 ரூபாய். எட்டு மணி நேர வேலை, அதாவது மணிக்கு 250. முதல் நாள் காப்பியும் பொருத்துவதும். இரண்டரை மணி நேர முழு வீடியோவுக்கு மூன்று நாள். அஞ்சு நிமிட ஹைலைட்ஸுக்கு இரண்டு நாள். அஞ்சு நிமிடத்துக்கா இரண்டு நாள் என்று அந்தக் கல்யாண வீட்டுப் பெரியவர் கேட்டார். ஆமாம் அய்யா, 14 மணி நேரத்திலிருந்து அஞ்சு நிமிடத்தைப் பொறுக்கி எடுத்து, பாட்டின் தாளத்துக்கு வெட்டி, இரண்டு கேமராவின் நிறத்தையும் ஒன்றாக்குவது முழு வீடியோவை விடக் கஷ்டம். ஒரு நிமிட ரீல்ஸ் இரண்டுக்கு அரை நாள், முதல் சுற்றுக் கரெக்‌ஷனுக்கு அரை நாள். ஆக ஏழு நாள், 14,000. கரண்டும் டிஸ்க் தேய்மானமும் சேர்த்து 15,000. பாதி அட்வான்ஸ், மீதி கடைசி ஃபைலைக் கொடுக்கும் முன்னால். இதில் கொள்ளை எங்கே இருக்கிறது? பக்கத்தில் ஒருவர் 5,000-க்கு முடித்துத் தருகிறாராம். தரட்டும். அவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்.

கரெக்‌ஷன் விஷயத்தில்தான் என் பொறுமை மொத்தமும் போகிறது. "பெயர் தப்பா வந்திருக்கு", "இந்த இடத்துல சத்தம் இல்ல" என்றால் அது என் பொறுப்பு, காசு வாங்க மாட்டேன். ஆனால் முழு வீடியோவைப் பார்த்து சரி என்று சொன்ன பிறகு, தாலி கட்டும்போது சின்ன மாமா பக்கத்தில் நின்றார், அவரைக் காணோம் என்று ஒருவர் போன் செய்கிறார். அடுத்த நாள் அத்தை வேறு பாட்டு கேட்கிறார். அதற்கு மறுநாள் மாப்பிள்ளையின் நண்பர் சிவப்பு நிறம் கூட வேண்டும் என்கிறார். சின்ன மாமாவை நான் எங்கிருந்து கொண்டுவருவேன்? தாலி கட்டும் நேரத்தில் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்து நின்றால், பின்னால் இருப்பவர் முகம் எந்த ஃபைலிலும் இருக்காது. இனி என் கணக்கு இதுதான். வீட்டில் ஒரே ஒருவர்தான் பேச வேண்டும். எல்லாத் திருத்தத்தையும் ஒரே பட்டியலாக, வீடியோவின் எந்த நிமிடத்தில் என்று எழுதித் தர வேண்டும். இரண்டாவது பட்டியல் வந்தால் மணிக்கு 250.

இப்போது ரா ஃபுட்டேஜுக்கு, அதாவது கேமராவில் எடுத்தபடியே இருக்கும் வெட்டாத காட்சிகளுக்கு வருகிறேன். உண்மையான சண்டை இங்கேதான்.

வேலை முடிந்ததும் பெண் வீட்டார் என்னிடம் கேட்டார்கள், "எடுத்த எல்லாத்தையும் அப்படியே கொடுத்துடுங்க." ஸ்டூடியோக்காரரோ, "பார்ட்டிக்கு ரா கொடுக்காதே, அது என்னோடது" என்கிறார். நடுவில் நான். இரண்டு பக்கமும் என்னைத்தான் திட்டுகிறார்கள். இரண்டு பேரும் இதைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வரி கூடப் பேசிக்கொள்ளவில்லை, எழுதவும் இல்லை.

ஸ்டூடியோக்காரர்கள் நிறையப் பேர், கேமரா நம்முடையது என்பதால் காட்சியும் நம்முடையது என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17-ஆவது பிரிவைப் படியுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அப்படிக் கேட்டு எடுக்க வைத்தவர்தான். அந்தச் சட்டத்தின் வரையறைப்படி 'திரைப்படம்' என்பதில் காட்சிப் பதிவு எல்லாமே அடங்கும், கல்யாண வீடியோவும்தான். ஆக எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் உரிமை கல்யாண வீட்டுக்காரர் பக்கம் சாய்கிறது. ஸ்டூடியோவுக்கு வேறு மாதிரி வேண்டுமென்றால் புக்கிங் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எடிட் மட்டும் செய்யும் எனக்கு அந்தக் காட்சிகளில் எந்த உரிமையும் இல்லை. கல்யாணப் பெண்ணைக் கேட்காமல் அவள் முகத்தை ரீலாகப் போட்டு விளம்பரம் தேடும் சக எடிட்டர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், அது நம் சொத்து இல்லை. அனுமதி வாங்கிவிட்டுப் போடுங்கள்.

அதற்காகப் பார்ட்டி சொல்வதெல்லாம் நியாயம் என்றும் ஆகாது. உரிமை யாருக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. எத்தனை மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், யார் டிஸ்க் வாங்கித் தர வேண்டும் என்பதெல்லாம் நாமே பேசி முடிக்க வேண்டியது. மெமரி கார்டும் ஹார்டு டிஸ்கும் கேமராமேன் காசு போட்டு வாங்கியவை. அவர் அடுத்த கல்யாணத்துக்கு அதே கார்டில்தான் எடுத்தாக வேண்டும். 630 ஜிபியை இலவசமாகப் பல வருஷம் வைத்திருக்கச் சொன்னால் அவர் எப்படிப் பிழைப்பார்?

அப்புறம், ரா என்றால் என்ன வரும் என்றே பலருக்குத் தெரியாது. 64 ஜிபி பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். 1 டிபி டிஸ்க் வேண்டும். அதுவும் பழைய FAT32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்த ஃபைலும் ஏறாது, exFAT ஆக மாற்ற வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனாலும் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். அதை வீட்டுக்கு எடுத்துப் போய் டிவியில் செருகிப் பார்த்தால் சில ஃபைல் ஓடாது. லாக் முறையில் எடுத்திருந்தால் படம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துத் தெரியும். உடனே போன் வரும், "இன்னாபா, படமே கெட்டுப்போச்சே?" கெட்டுப்போகவில்லை. நிறம் சேர்க்கும் முன்னால் அது அப்படித்தான் இருக்கும். அதை நிறமாக்கியதற்குத்தான் எனக்குக் கூலி கொடுத்தீர்கள்.

இன்னொன்று, ப்ராஜெக்ட் ஃபைல். ராவும் அதுவும் வேறு வேறு. ரா உங்கள் வீட்டுக் காட்சி. ப்ராஜெக்ட் ஃபைல் என்பது எங்கே வெட்டினேன், எதைச் சேர்த்தேன் என்று எடிட்டிங் மென்பொருளில் பதிவாகும் ஃபைல். அது என் வேலை முறை, நான் காசு கொடுத்து வாங்கிய டைட்டில்களும் எஃபெக்ட்களும் அதில் இருக்கின்றன. அது வேண்டுமென்றால் தனி விலை. தர மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு உரிமை உண்டு.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்றால், அந்தப் பெண் வீட்டார் ராவைக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் பெண்ணின் தாத்தா இறந்துவிட்டார். முழு வீடியோவில் அவர் வருவது சில நொடிதான். ஆனால் நான் அந்த 14 மணி நேரத்தையும் பார்த்தவன். மாப்பிள்ளை வரும் முன்னால் அவர் வெறும் மேடையில் உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கேமராமேனைப் பார்த்து "சாப்ட்டியாப்பா?" என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. எந்த எடிட்டரும் அதை வெட்டித்தான் போடுவார், நானும் வெட்டினேன். அந்தக் குடும்பத்துக்கு இன்று அதுதான் வேண்டும். ஸ்டூடியோக்காரரோ ராவுக்கு 20,000 கேட்டார். முன்னால் பேசாத காசு, அதுவும் சாவு வீட்டிடம். இதைத் தொழில் என்று சொல்லாதீர்கள்.

எனக்குப் பணம் கொடுத்தது ஸ்டூடியோ, டிஸ்க் கொடுத்ததும் ஸ்டூடியோ. அவரைக் கேட்காமல் என் பிரதியைத் தூக்கிக் கொடுக்க எனக்கு வழியில்லை. ஒரு வாரம் அவரோடு சண்டை போட்டு, 17-ஆவது பிரிவைக் காட்டி, காப்பிக் கூலியாக 500 மட்டும் வாங்கிக்கொள்ள வைத்தேன். தாத்தாவின் டிஸ்க் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இனிமேல் என் விலைச் சீட்டில் கூலிக்குக் கீழே இந்த வரிகள் இருக்கும். ரா யாருக்குச் சொந்தம் என்று ஸ்டூடியோவும் பார்ட்டியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்ட்டி தன் டிஸ்கைக் கொண்டுவந்தால் காப்பிக் கூலி 500. கடைசி ஃபைல் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் என் பிரதி இருக்கும், அழிக்கும் முன்னால் இரண்டு தரப்புக்கும் செய்தி அனுப்புவேன். இதில் கையெழுத்துப் போட மனசில்லாத ஸ்டூடியோ எதுவானாலும், ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை எவ்வளவு பெரிய பேர் எடுத்திருந்தாலும், டிஸ்கை என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.