நிமிடக் கூலி வேறு, பயன்பாட்டு உரிமை வேறு

"ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள்?" குரல்பதிவுக்காகக் கொழும்பிலிருந்து அழைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் தவறில்லை. அதற்கு ஒரு தொகையைச் சொல்லி, அதோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் தவறு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீட்டு அறையில் ஒலிவாங்கி வைத்து நல்ல தரமாகப் பதிவு செய்கிற இளையவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் பலர் நிமிடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் குரலைக் காலமெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாடு இதுதான். நிமிடக் கட்டணம் உழைப்புக்கு உரியது. அந்தக் குரல் எந்த ஊடகத்தில், எந்த நாட்டில், எவ்வளவு காலம் ஒலிக்கப்போகிறது என்பதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இரண்டும் ஒரே தாளில், வெவ்வேறு வரியில் இருக்க வேண்டும்.

முதலில் நிமிடத்தைப் பார்ப்போம். நாங்கள் விலை சொல்வது முடிந்த நிமிடத்துக்கு. அதாவது பிழை நீக்கி, மூச்சொலி குறைத்து, ஒலியளவு சீராக்கி, வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் கோப்பின் நீளத்துக்கு. ஒலிவாங்கிக்கு முன் இருந்த நேரத்துக்கு அல்ல. ஐந்து நிமிடக் குரலுக்கு நான் இருபது, இருபத்தைந்து நிமிடம் பதிவு செய்கிறேன். பிறகு திருத்தம் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். எங்கள் பக்கத்தில் அது இன்னும் கூடும். வாக்கியத்தின் நடுவில் மயில் அகவும். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் அன்றைய வேலை அவ்வளவுதான். வீதியால் போகிற லேண்ட் மாஸ்டரின் சத்தம் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் பதிவில் அது அடித்தளத்தில் ஓர் உறுமலாக உட்கார்ந்துவிடும், குரலைக் கெடுக்காமல் அதைப் பிரித்தெடுப்பது கடினம். அதனால்தான் பலரும் ஊர் அடங்கிய பிறகு பதிவு செய்கிறார்கள். மறுநாள் ஒரு வரியைத் திருத்திச் சொல்ல வேண்டி வந்தாலும் அதே நேரத்தில், ஒலிவாங்கிக்கு அதே தூரத்தில் இருந்து சொல்ல வேண்டும். விடியற்காலைக் குரல் தடித்திருக்கும், இரவுக் குரலோடு ஒட்டினால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். முடிந்த நிமிடத்தின் விலைக்குள் இவையெல்லாம் அடங்கியிருக்கின்றன.

பதிவுக்கு முன்பே விலை சொல்ல வேண்டுமானால், எழுத்துப் பிரதியிலிருந்து நிமிடத்தைக் கணிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு சுமார் 150 சொற்கள் என்பது வழக்கமான கணக்கு. சில முகவர்கள் அதையே தமிழுக்கும் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக வருவது தமிழில் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். "கொண்டுவந்திருக்கிறார்கள்" என்பது கணினிக்கு ஒரு சொல், எங்கள் வாய்க்கு எத்தனை அசை என்று சொல்லிப் பாருங்கள். விளக்கக் காணொளிக்கு ஏற்ற நிதானத்தில் வாசித்தால் எனக்கு நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள்தான் வருகின்றன. இலக்கங்கள் இன்னொரு பொறி. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணைக் கணினி ஒரு சொல்லாக எண்ணும். அதைக் கேட்பவர் குறித்துக்கொள்ளும் வேகத்தில் சொல்ல ஐந்து, ஆறு வினாடி வேண்டும். ஆகவே பிரதியில் உள்ள இலக்கங்களையும் சுருக்கக் குறிகளையும் எழுத்தில் விரித்த பிறகுதான் சொற்களை எண்ண வேண்டும்.

இனி ஒரு வேலையை அப்படியே கணக்கோடு சொல்கிறேன். தொகைகள் என்னுடையவை, சந்தை விலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயலுக்கு மருந்தடிக்கும் தெளிகருவி விற்கிற ஒரு நிறுவனத்துக்காக ஒரு முகவர் வந்தார். கருவியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று அதை விற்கும் கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் காணொளி. பிரதியைக் கணினி 460 சொல் என்றது. நீர் அளவு, மருந்து அளவு, தொலைபேசி எண் எல்லாவற்றையும் விரித்தபோது 500ஐத் தாண்டியது. முடிந்த கோப்பு 5 நிமிடம் 10 வினாடி. அரை நிமிடத்துக்கு மேல்நோக்கிச் சரிசெய்து ஐந்தரை நிமிடம். நிமிடத்துக்கு 3,000 ரூபாய்ப்படி 16,500 ரூபாய். காணொளியின் நீளம் ஏழு நிமிடம்தான், ஆனால் வெறும் இசை ஓடுகிற இடத்துக்கு நான் காசு கேட்கவில்லை. குரல் கோப்பின் நீளமே கணக்கு என்று முதலிலேயே எழுதியிருந்தேன். அந்தத் தொகைக்குள் என்ன பயன்பாடு அடங்கும் என்பதும் எழுதியிருந்தது: கடைக்காரர் பயிற்சி, நிறுவனத்தின் சொந்த இணையத்தளம், காசு கொடுத்துப் பரப்பாமல் சொந்தப் பக்கங்களில் பதிவிடுதல், இலங்கைக்குள், இரண்டு வருடம்.

பெரும்போக விதைப்பு நெருங்கியபோது முகவர் மீண்டும் அழைத்தார். அதே காணொளியிலிருந்து 30 வினாடியை வெட்டி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கட்டண முகநூல் விளம்பரமாகவும் போடப்போகிறார்களாம். "அரை நிமிடம்தானே, 1,500 ரூபாய் சேர்த்துப் போட்டுவிடுகிறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கணக்கில் பிழையும் இல்லை, பிழை அளவுகோலில்தான்.

விளம்பரத்துக்கு நிமிட அளவுகோல் பொருந்தாது. பயிற்சிக் காணொளியை ஒரு கடைக்காரர் ஒரு தடவை பார்ப்பார். 30 வினாடி விளம்பரம் ஒரு போகம் முழுவதும் நாளுக்குப் பல தடவை ஒலிக்கும். நீளம் குறையக் குறைய அதை ஒலிக்கச் செய்வது இலகுவாகிறது, நிறுவனத்துக்கு அதனால் வருகிற பயனும் கூடுகிறது. நிமிடக் கணக்கோ அதற்கு நேர் எதிராக, குறைந்த கூலியைக் காட்டுகிறது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு தெளிகருவிக்கு என் குரல் வானொலியில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு தெளிகருவி நிறுவனம் என்னைக் கூப்பிடாது. உரம், விதைநெல், நீர்ப்பம்பி விற்கிறவர்களும் யோசிப்பார்கள். வன்னி விவசாயியை நோக்கித் தமிழில் பேசுகிற விளம்பரங்கள் எத்தனை வரும்? அந்தச் சிறிய வட்டத்தில் ஒரு விளம்பரம் என் குரலைப் பிடித்து வைத்திருக்கிற காலம் முழுவதும் மற்ற வாசல்கள் எனக்கு மூடியிருக்கும். பயன்பாட்டுக் கட்டணம் அந்த மூடிய வாசல்களுக்கான ஈடு. "நிரந்தர உரிமை" என்று கையெழுத்து வாங்கினால் அந்த வாசல் ஒருபோதும் திறக்காது. 1,500 ரூபாய்க்கு அதை எழுதிக் கொடுக்கச் சொல்வது நியாயமா?

நான் கொடுத்த கொட்டேஷன் இப்படி. விளம்பரத்தின் வேகம் வேறு என்பதால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு என் குறைந்தபட்சக் கட்டணம் 7,500 ரூபாய், அரை நிமிடமானாலும் இரண்டு நிமிடமானாலும். வானொலி, தொலைக்காட்சி, கட்டண இணைய விளம்பரம் மூன்றுக்கும், இலங்கை முழுவதும், ஆறு மாதத்துக்குப் பயன்பாட்டுக் கட்டணம் 15,000. மொத்தம் 22,500. அவர் அதிகம் என்றார். நான் விலையைக் குறைக்கவில்லை, உரிமையைக் குறைத்தேன். தொலைக்காட்சியை எடுத்துவிட்டு, காலத்தை இந்தப் பெரும்போகத்தோடு நிறுத்தி, மூன்று மாதம் என்று எழுதினோம். பயன்பாட்டுக் கட்டணம் 7,000 ஆனது, மொத்தம் 14,500. சிறுபோகத்துக்கும் வேண்டுமானால் மறுபடி அதே 7,000, புதிய பதிவு தேவையில்லை. இருவருக்கும் அது சரியாக வந்தது. வருடக் கணக்கில் உரிமை விற்பது மற்றத் துறைகளுக்குச் சரியாக இருக்கலாம். விவசாயப் பொருளுக்குப் போகக் கணக்கே பொருத்தம், அறுவடைக்குப் பிறகு அந்த விளம்பரத்தை யாரும் ஓடவிடப் போவதில்லை.

எழுதிய எல்லையைத் தாண்டினால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வானொலி, தொலைக்காட்சிக்கு ஊர்க்காதுகள்தான் துணை. "உங்கள் குரல் போகிறதே" என்று யாராவது சொல்வார்கள். சொன்ன திகதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். முகநூல் விளம்பரத்துக்கு facebook.com/ads/library என்ற பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், அப்போது ஓடுகிற கட்டண விளம்பரங்களையும் அவை தொடங்கிய திகதியையும் காட்டும். நிறுத்திய வணிக விளம்பரம் அங்கிருந்து மறைந்துவிடும் என்பதால் கண்டவுடன் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துவோருக்கும் உரிமைகளை ஏற்றிருக்கிறது. ஆனாலும் 15,000 ரூபாய்க்காக வழக்காட யாராலும் முடியாது. முகவருக்கு முன்னால் நீட்ட முடிந்தது அவர் ஏற்றுக்கொண்ட கொட்டேஷன்தான். வாட்ஸ்அப்பில் "சரி" என்று அவர் பதில் போட்டிருந்தாலும் அது எழுத்துத்தான், அழிக்காதீர்கள்.

"தொண்டு நிறுவனங்களிடமும் இப்படியா கேட்பாய்?" என்று சிலர் கேட்கிறார்கள். கண்ணிவெடி அபாயக் கல்விக்கும் டெங்கு ஒழிப்புக்கும் குரல் கொடுக்கும்போது நான் பயன்பாட்டுக் கட்டணம் வாங்குவதில்லை. அது எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் நிமிடக் கட்டணத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். படம் பிடிப்பவருக்கும் வாகனத்துக்கும் வரவுசெலவில் பணம் ஒதுக்கியவர்கள் குரலுக்கு மட்டும் "சேவையாகச் செய்யுங்கள்" என்பதை நான் ஏற்கவில்லை. உரிமையை இலவசமாகக் கொடுக்கும்போதும் அதை எழுத்தில்தான் கொடுக்கிறேன்: பொதுமக்கள் விழிப்புணர்வுக்கு மட்டும், எந்தப் பொருளின் விற்பனையோடும் சேர்க்கக்கூடாது, பிரதியை மாற்றி வெட்டி ஒட்டக்கூடாது. பயன்பாட்டுக் கட்டணம் என்ற வரியை நீக்காமல், அதற்கு நேரே பூச்சியம் போட்டு அனுப்புகிறேன். அடுத்த வேலை விற்பனைக்கானதாக இருந்தால், அப்படி ஒரு வரி இருப்பது அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

திருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. என் உச்சரிப்புப் பிழைக்குத் திருத்தம் இலவசம். பதிவு முடிந்த பிறகு பிரதியை மாற்றினால் குறைந்தபட்சக் கட்டணத்தில் பாதி. இதை முன்பே எழுதினால், கடைசி நேரத்தில் மேலதிகாரி ஒருவர் "ஒரு சொல்லை மாற்றுவோமா" என்று கேட்பது வெகுவாகக் குறையும்.

உரிமை எப்போது தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். என் தாளில் "முழுப் பணமும் கிடைத்த நாளிலிருந்து" என்று இருக்கிறது. அதுவரை கொடுக்கும் மாதிரிக் கோப்பில் ஒவ்வொரு பதினைந்து வினாடிக்கும் ஒரு மணி ஒலி வைத்திருப்பேன்.

வன்னியில் குரல் கொடுக்கிற யாருக்காவது இந்தக் கொட்டேஷன் படிவம் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். தொகைகளை உங்கள் அனுபவத்துக்கும் தரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஊடகம், நாடு, காலம் என்ற மூன்று வரிகளை மட்டும் தயவுசெய்து வெறுமையாக விடாதீர்கள்.