‘பரவாயில்ல’ என்பது எத்தனை புள்ளி?

போன வாரம் புதுச்சேரியில் ஒரு ஓட்டல் அரங்கில் மனச்சோர்வு மாத்திரை ஒன்றைப் பற்றிய கூட்டம். வழவழப்பான தாளில் ஒரு படம் கொடுத்தார்கள். உயரமான ஒரு பச்சைப் பட்டை, அதன் மேல் ‘ரெஸ்பாண்டர்’ சதவீதம். பக்கத்தில் பிளாசிபோ பட்டை இல்லை. “வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குக் குணம் தெரிந்தது?” என்று கேட்டேன். அந்த எண் கையில் இல்லை, அனுப்பி வைக்கிறேன் என்றார் பேசியவர். இன்னும் வரவில்லை. எந்த மருந்து, என்ன சதவீதம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது அந்த ஒரு மருந்தைப் பற்றியதல்ல, அந்தப் பட்டையைப் பற்றியது.

நான் கடலூரில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். வாரத்தில் நான்கு நாள், மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலின் கேள்விகளைத் தமிழில் கேட்டுப் புள்ளி போடுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. 1960-இல் மேக்ஸ் ஹாமில்டன் வெளியிட்ட அளவுகோல் அது. பரவலாகப் புழங்கும் வடிவத்தில் 17 இனங்கள், மொத்தம் 52 புள்ளி. சோகம், குற்ற உணர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம், வேலையில் ஈடுபாடு போன்றவற்றுக்குத் தலா 4 வரை. தூக்கத்துக்கு மட்டும் மூன்று தனித்தனி இனங்கள்: படுத்ததும் தூக்கம் வராதது, நடுவில் விழிப்பது, விடியுமுன் எழுந்துவிடுவது. தலா 2, ஆக 6 புள்ளி. ஆராய்ச்சிகளில் வழக்கமான விதி என்னவென்றால், ஆரம்பப் புள்ளி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தால் அவர் ‘ரெஸ்பாண்டர்’. இல்லையென்றால் இல்லை.

இந்த விதி என் முன்னால் உட்காரும் ஆட்களை என்ன செய்கிறது என்று காட்ட இரண்டு பேரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் ஒரு அக்கா. முதல் நாள் 23 புள்ளி. சோகம் 3, குற்ற உணர்வு 2, “செத்துப் போனா தேவலை” என்ற எண்ணம் 2, தூக்கம் 4, வேலை 3. மீதி 9 புள்ளி உடல் மந்தம், பதற்றம், களைப்பு, எடை இறங்கியது என்று சிறு சிறு துண்டுகளாக. எட்டு வாரம் கழித்து வந்தபோது 12. தூக்கம் அப்படியே 4. ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் பூஜ்யம், சோகம் 1, வேலை 1. வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போகிறார். “தூக்கம்தான் வரல, மத்தபடி நான் நானா இருக்கேன்” என்றார். 23-இலிருந்து 12 என்றால் 11 புள்ளி குறைவு, 48 சதவீதம்கூட வரவில்லை. கணக்கில் இவருக்குப் பலன் இல்லை.

இன்னொருவர் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கிடங்கில் கணக்கு எழுதுபவர். முதல் நாள் 18. தூக்கம் முழுசாக 6, சோகம் 2, குற்ற உணர்வு 1, வேலை 3, பதற்றம் மனசளவில் 2, உடலளவில் 1, பசியும் வயிறும் 2, எடை 1. அவருக்குக் கொடுத்தது தூக்கமும் பசியும் சேர்த்துத் தருகிற வகை மாத்திரை. எட்டு வாரத்தில் தூக்கம் 1, பசி பூஜ்யம், எடை பூஜ்யம், மனப் பதற்றம் 1. மொத்தம் 9. சரியாகப் பாதி. அவர் ‘ரெஸ்பாண்டர்’. ஆனால் சோகம் அதே 2, வேலை அதே 3. இன்னும் கிடங்குக்குப் போகவில்லை. “நல்லா தூங்குறேன் மேடம், எந்திரிச்சா அதே நெனப்புதான்” என்றார். தூக்கம் வந்ததைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் பச்சைப் பட்டையில் ஏறுபவர் இவர், ஏறாதவர் அந்த அக்கா.

அப்படியானால் எவ்வளவு குறைந்தால் ஒரு மனிதருக்குப் பொருட்டாகும்? இதைத்தான் ஆங்கிலச் சுருக்கமாக எம்.சி.ஐ.டி. என்கிறார்கள். நோயாளியே ‘ஆமாம், மாற்றம் தெரிகிறது’ என்று சொல்லக்கூடிய மிகக் குறைந்த வித்தியாசம். கண்டுபிடிக்கும் முறை எளிது. புள்ளி போடுவதோடு, “போன தடவைக்கு இப்போ எப்படி?” என்று பொதுவாக ஒரு கேள்வியும் கேட்பார்கள். ‘கொஞ்சம் தேவலை’ என்றவர்களைத் தனியே எடுத்து, அவர்களுக்குச் சராசரியாக எத்தனை புள்ளி குறைந்தது என்று பார்ப்பார்கள்.

கேட்க எளிது, தமிழில் செய்து பாருங்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்டால் பத்தில் ஆறு ஏழு பேர் சொல்வது “பரவாயில்ல.” முன்பைவிட நன்றாக இருக்கிறது என்பதற்கும் பரவாயில்ல. அப்படியேதான் இருக்கிறது, தாங்கிக்கொள்கிறேன் என்பதற்கும் பரவாயில்ல. டாக்டர் மனசு நோகக்கூடாது என்பதற்கும் அதே சொல். “பரவாயில்லன்னா, போன மாசம் செய்ய முடியாம இருந்து இப்போ செய்யறது ஏதாவது இருக்கா?” என்று ஒரு படி இறங்கிக் கேட்டால்தான் பிரிகிறது. இந்த ஒரு சொல்லை எப்படிப் பதிகிறோம் என்பதைப் பொறுத்து எம்.சி.ஐ.டி. இரண்டு மூன்று புள்ளி மேலேயோ கீழேயோ போய்விடும். நோய் எவ்வளவு கடுமை என்பதும் அதை நகர்த்தும். 2015-இல் வந்த ஒரு பிரிட்டன் ஆய்வு, பெக் என்ற இன்னொரு மனச்சோர்வு அளவுகோலில் இது நிலையான எண் அல்ல, ஆரம்பப் புள்ளியில் சுமார் 17.5 சதவீதம் என்றது. மாத்திரை சாப்பிட்டும் குணமாகாதவர்களுக்கு அது 32 சதவீதம் வரை போனது.

இங்கிருந்துதான் பெரிய குழப்பம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004-இல், மருந்துக் குழுவுக்கும் பிளாசிபோ குழுவுக்கும் இடையே ஹாமில்டனில் 3 புள்ளி வித்தியாசமாவது வேண்டும் என்று வைத்தது. அந்த 3 என்ற எண் நோயாளிகளிடம் கேட்டு வந்ததல்ல. 2008-இல் கிர்ஷ் என்ற ஆய்வாளரின் குழு மனச்சோர்வு மாத்திரை ஆய்வுகளைத் திரட்டி, சராசரி வித்தியாசம் 1.8 என்று காட்டியது. உடனே ‘மாத்திரையால் யாருக்கும் பயனில்லை’ என்று செய்திகள். அப்புறம் மருத்துவர்களின் பொது மதிப்பீட்டோடு ஒப்பிட்ட லாய்ஷ்ட் என்ற ஆய்வாளரின் குழு செய்த வேலையிலிருந்து, ‘கொஞ்சம் முன்னேற்றம்’ என்பதற்குச் சுமார் 7 புள்ளி வேண்டும் என்ற எண் வந்தது. அதையும் எடுத்து 1.8-க்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

7 என்பது ஒரே ஆள் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறிய அளவு. 1.8 என்பது இரண்டு கூட்டங்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள இடைவெளி. இரண்டும் ஒரே அளவுகோலில் அளந்தவை என்பதைத் தவிர ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. பிளாசிபோ எடுத்தவர்களுக்கே சராசரியாக எட்டுப் புள்ளி போலக் குறைகிறது. நாள் போகப்போகத் தானே தணிவது, யாரோ அக்கறையாக உட்கார்ந்து கேட்பது, மிக மோசமான வாரத்தில் சேர்க்கப்பட்டது எல்லாம் அதில் அடக்கம். மருந்துக் குழுவும் அதே எட்டைத் தாண்டித்தான் கூடுதலாக எதையாவது காட்ட முடியும்.

மருந்துக்காரர்கள் இதே இடைவெளியை வேறு விதமாக ஊதிக் காட்டுகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது நானே வைத்துக்கொண்ட எண்கள். இரண்டு குழு, தலா 100 பேர், எல்லோரும் 24 புள்ளியில் தொடங்குகிறார்கள். மருந்தில் சராசரியாக 10 குறைகிறது, பிளாசிபோவில் 8. இரண்டு குழுவிலும் திட்ட விலக்கம் 8 புள்ளி, அதாவது மூன்றில் இரண்டு பேர் சராசரிக்கு எட்டுப் புள்ளி இந்தப் பக்கம் அந்தப் பக்கத்துக்குள் இருக்கிறார்கள். பாதி என்றால் 12 குறைய வேண்டும். மணி வடிவ வளைவில் பார்த்தால் மருந்தில் சுமார் 40 பேர் கோட்டைத் தாண்டுகிறார்கள், பிளாசிபோவில் சுமார் 31 பேர். இதையே மூன்று விதமாக எழுதலாம். ‘40 சதவீதம் பேருக்குப் பலன்’ என்று பிளாசிபோவை மறைத்து எழுதலாம். ‘வாய்ப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் அதிகம்’ என்று 40-ஐ 31-ஆல் வகுத்து எழுதலாம். ‘100 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக 9 பேர் கோட்டைத் தாண்டுகிறார்கள், அதாவது 11 பேருக்கு ஒருவர்’ என்றும் எழுதலாம். மூன்றுக்கும் பின்னால் இருப்பது அதே 2 புள்ளி.

அந்த 9 பேர் யார்? ஒவ்வொருவருக்கும் சமமாக 2 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தாலும் இந்த 9 வரும். கோட்டுக்கு ஒரு புள்ளி முன்னால் நின்றவர்கள் ஒரு புள்ளி தள்ளி விழுந்திருப்பார்கள், அவ்வளவுதான். சிலருக்கு மட்டும் பெரிய மாற்றம், மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்றாலும் இதைப்போன்ற எண் வரலாம். ரெஸ்பாண்டர் சதவீதம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது, சராசரியும் காட்டாது. முழுப் பரவலையும் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்த வேலை ஒன்று 2022-இல் வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் வந்த 232 ஆய்வுகள், 73,388 பேரின் தனித்தனிப் பதிவுகள். குழுக்களுக்கு இடையேயான சராசரி வித்தியாசம் 1.75தான். ஆனால் மிகப் பெரிய முன்னேற்றம் கண்டவர்களின் கூட்டத்தில் வந்தது மருந்து எடுத்தவர்களில் 24.5 சதவீதம் பேர், பிளாசிபோ எடுத்தவர்களில் 9.6 சதவீதம் பேர். ஆக நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு பிளாசிபோவால் கிடைக்காத பெரிய பலன் மருந்தால் கிடைத்திருக்கிறது. ‘யாருக்கும் பயனில்லை’ என்பதும் பொய், ‘பெரும்பாலோருக்கு மாத்திரையால்தான் குணம்’ என்பதும் பொய். இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சராசரி உங்களைப் பற்றிப் பேசவில்லை. குறைப்பதானாலும் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகத்தான்.

ஆகவே மருந்துத் தாளை நீட்டுபவர்களிடம் நான் கேட்பது இதுதான். இரண்டு குழுவின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புள்ளி வித்தியாசத்தையும், அது எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பையும் எழுதுங்கள். பாதி என்ற கோட்டை ஆய்வு தொடங்குமுன் வைத்தீர்களா, முடிவைப் பார்த்தபின் வைத்தீர்களா என்று சொல்லுங்கள். 30 சதவீதக் குறைவு, 50, 70 என்று எல்லாக் கோட்டிலும் இரண்டு குழுவும் எப்படி இருக்கின்றன என்ற முழு வளைவையும் போடுங்கள். ஒரு கோட்டில் மட்டும் மருந்து வென்று மற்றவற்றில் சேர்ந்தே ஓடினால் அது கண்ணில் பட்டுவிடும். நடுவில் விட்டுப் போனவர்களை எங்கே எண்ணினீர்கள் என்பதும் முக்கியம். 100 பேரில் 20 பேர் குமட்டல் தாங்காமல் நிறுத்தி, 40 பேர் கோட்டைத் தாண்டினால் அது 40 சதவீதம். அந்த 20 பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் 50 சதவீதமாகிவிடும். அந்த இருபது பேரும் மனிதர்கள், மாத்திரை வாங்கக் காசு கொடுத்தவர்கள்.

எங்கள் பதிவேட்டில் போன மாதத்திலிருந்து மொத்தப் புள்ளிக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் சேர்த்திருக்கிறோம்: தூக்கத்தின் மூன்று இனங்கள் மட்டும், சோகமும் வேலையும் மட்டும், “இப்போ செய்யறது என்ன” என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன வாக்கியம் அப்படியே. மீன் விற்கும் அக்காவின் வரியில் ‘4’, ‘2’, அப்புறம் “ஹார்பருக்கு அஞ்சு நாள் போறேன்” என்று இருக்கிறது. அடுத்த முறை அவர் வரும்போது தூக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.