கிணற்றுத் தண்ணீர் மட்டுமா?
“வன்னியில் சிறுநீரகம் பழுதானால் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம்” என்று ஒரு கட்டுரை சொல்கிறது – எங்கட பெரியப்பாவுக்கு அது பொருந்தவில்லை. அந்தக் கட்டுரை சொல்கிற சிறுநீரக நோயில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது. இவருக்கோ ஒரு நாளில் 9 கிராம் போனது. கால் வீங்கிச் செருப்பே ஏறவில்லை. ஷெல் துண்டு பட்ட கால் எலும்பு பல வருடமாகச் சிதல் வடித்தபடி இருந்தது. அழற்சி அப்படி நீடித்தால் ஈரல் கூடுதலாகச் சுரக்கிற ஒரு புரதம் அமிலாய்டு என்கிற கரையாத நாராகச் சிறுநீரகத்தில் படிந்துவிடும். காசநோய், மூட்டுவாதம் நாட்பட்டாலும் இதே கதைதான். சிறுநீரகப் பயொப்சித் துண்டுக்குக் கொங்கோ ரெட் சாயம் ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் பார்த்தபோது அமிலாய்டின் அடையாளமான ஆப்பிள் பச்சை தெரிந்தது. வழமையான சாயத்தோடு விட்டிருந்தால் தவறியிருக்கலாம். அப்புறம் எலும்பைச் சத்திரசிகிச்சை செய்து துப்புரவாக்கிய பிறகுதான் புரதம் மெல்லக் குறைந்தது.