முடி மேல் பழி போடாதீர்கள், அந்த மூடியைத் தூக்கிப் பாருங்கள்

இரண்டு வருடம். நியூஜெர்சியில் இந்த வாடகை அபார்ட்மென்ட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு வருடமாகக் குளியல் தொட்டியில் கணுக்கால் அளவு அழுக்குத் தண்ணீரில் நின்றுதான் குளிக்கிறோம். தலைக்கு ஊற்றிய ஷாம்பு நுரை காலைச் சுற்றிக்கொண்டு மிதக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கேட்கவே வேண்டாம், எண்ணெய்ப் படலத்தோடு சீயக்காய்த் தூளும் சேர்ந்து சுற்றி வரும். குளித்து முடித்த பிறகு காலைக் கழுவ இன்னொரு முறை குளிக்க வேண்டும். அம்மாவிடம் போனில் புலம்பினால், "வாளியில மோந்து ஊத்திக்கிட்டா இந்தத் தொல்லை உண்டா?" என்கிறாள். அவளுக்கென்ன, அங்கே முற்றத்தில் தண்ணீர் தானாக ஓடுகிறது.

மெயின்டனன்ஸ் ஆள் மூன்று முறை வந்துவிட்டான். மூன்று முறையும் அதே வசனம்: "நீளமான முடி மேடம், அதுதான்." என் பின்னலை ஒரு பார்வை, பெரியவள் பின்னலை ஒரு பார்வை. அடைப்பு நீக்குகிற காரக் கரைசலை ஒரு பாட்டில் தேங்கிய தண்ணீரிலேயே ஊற்றிவிட்டுப் போய்விடுவான். காரம் முடியைக் கரைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கும்போது ஊற்றினால் அது நீர்த்துப்போகிறது. மிச்சம் இருப்பது முடிக்கற்றையைத் தடவிக்கொண்டு பைப்போடு போகிறது. இரண்டு நாள் கொஞ்சம் பரவாயில்லை, மூன்றாம் நாள் பழைய குளம். என் வீட்டுக்காரரும் அவனோடு சேர்ந்துகொண்டு, "நீ முடியை வெட்டிக்கோயேன்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது.

எங்கள் தொட்டியின் மூடி கையால் வைத்து எடுக்கிற ரப்பர் மூடி இல்லை. குழாய்க்குக் கீழே, தொட்டிச் சுவரில் ஒரு வட்டத் தட்டு இருக்கும், அதில் சின்னதாக ஒரு லீவர். லீவரைத் தட்டினால் கீழே தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்கிற ஸ்டாப்பர் ஏறும், இறங்கும். இந்த ஊர்ப் பழைய அபார்ட்மென்ட்களில் இந்த மாதிரி நிறைய உண்டு. தட்டுக்குப் பின்னால் ஒரு ராட் தொங்குகிறது, அதன் அடியில் ஒரு ஸ்பிரிங். ஸ்டாப்பரோடு சேர்ந்து வளைந்த கம்பி ஒன்று பைப்புக்குள்ளே படுத்திருக்கிறது. ஸ்பிரிங் அந்தக் கம்பியின் மறுமுனையை அழுத்தினால், ஏற்றம் மாதிரி இந்தப் பக்கம் ஸ்டாப்பர் மேலே வரும். தலையிலிருந்து விழுகிற ஒவ்வொரு முடியும் முதலில் சந்திப்பது அந்தக் கம்பியைத்தான். முடி சிக்குவதற்கென்றே தண்ணீர் போகிற வழியில் ஒரு கொக்கியைப் படுக்க வைத்தது யார், நானா?

சரி, சண்டைக்கு முன் சாட்சி வேண்டுமே. தொட்டியில் நாலு அங்குல உயரத்தில் ஒரு டேப் ஒட்டி, அதுவரை நிரப்பித் திறந்துவிட்டேன். காலியாக 21 நிமிடம். எங்கள் ஷவர் தலையில் 2.5 காலன் என்று பொறித்திருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு ஒன்பது லிட்டருக்கு மேல். நாலு அங்குலம் என்பது சுமார் இருபது காலன். அப்படியானால் வடிவது நிமிடத்துக்கு ஒரு காலன், விழுவது இரண்டரை. தேங்காமல் என்ன செய்யும்?

கடைசியாக அந்தக் கரைசலை ஊற்றி வாரக்கணக்கு ஆகியிருந்தது. இருந்தாலும் தண்ணீரை நிறைய விட்டு அலசிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, லீவரைத் திறந்த நிலையில் வைத்து ஸ்டாப்பரைப் பிடித்து மெதுவாக ஆட்டி இழுத்தேன். கம்பியோடு வந்தது. கூடவே வந்தது ஒரு செத்த எலி, அப்படித்தான் இருந்தது. கருப்பாக, வழவழவென்று, ஒரு முழ நீளம், கத்தரிக்கோலால் வெட்டித்தான் கம்பியிலிருந்து பிரிக்க முடிந்தது. நாற்றத்தைப் பற்றி எழுதவேண்டாம், சாப்பிடும் நேரத்தில் யாராவது படிப்பீர்கள்.

கம்பியின் வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி திரும்பச் செருகினேன். வளைவு மேல்நோக்கி இருந்தால் ஸ்டாப்பர் சரியாக உட்காராது. மறுபடி நிரப்பிப் பார்த்தால் ஒன்பது நிமிடம். வீட்டுக்காரர், "பார்த்தியா, முடிதான்" என்றார். "என்னங்க, கொஞ்சம் பொறுங்க" என்று ஸ்டாப்பரை முழுசாகக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டையை ஒரு டப்பா மூடியால் அடைத்துக்கொண்டு டேப் வரை நிரப்பினேன். எடுத்ததும் நாலே நிமிடம்.

நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிற ஐந்து நிமிடம் யாருடைய முடி? உள்ளே பைப் அடைத்திருந்தால் ஸ்டாப்பர் இல்லாமலும் மெதுவாகத்தானே போயிருக்கும். ஸ்டாப்பர் இருந்தால் மட்டும் மெதுவாகிறது என்றால், அது போதுமான அளவு ஏறவில்லை என்று அர்த்தம். குனிந்து பார்த்தேன். திறந்த நிலையிலேயே இடைவெளி இரண்டு நாணயம் தடிமன்தான் இருந்தது!

வட்டத் தட்டில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றி, ராட்டை நேராக மேலே உருவினேன். ஸ்பிரிங்கிலும் ஒரு கற்றை முடி, அது என் கணக்கிலேயே இருக்கட்டும். ஆனால் ராட்டின் நடுவில் மரை போட்ட இடத்தில் இருக்கவேண்டிய நட் தளர்ந்து, ராட் உள்வாங்கிக் குட்டையாகிப் போயிருந்தது. குட்டையான ராட் கம்பியைக் கொஞ்சம்தான் அழுத்தும், ஸ்டாப்பர் கொஞ்சம்தான் ஏறும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டி நட்டை இறுக்கிப் போட்டுப் பார்த்தேன், போதவில்லை. இன்னொரு எட்டில் ஒரு பங்கு. இப்போது ஸ்டாப்பர் சுண்டு விரல் நுழைகிற அளவு எழுந்து நிற்கிறது. அதற்கு மேல் நீட்டினால் மூடும்போது தண்ணீர் நிற்காது, கசியும். தட்டுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் வளையத்தை நகர்த்தாமல் உட்காரவைத்து ஸ்க்ரூவை முடுக்கினேன். அது விலகினால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும், அதற்கும் என் முடியைத்தான் சொல்வார்கள்.

நாலரை நிமிடம். இரண்டு வருடம், மூன்று பாட்டில், அத்தனை பேச்சு, எல்லாம் கால் அங்குல ராட்டுக்காக. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு தடவை அந்தத் தட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். அதற்குப் பத்து நிமிடம் குனிய வேண்டும், பாட்டில் என்றால் நின்றபடியே கவிழ்த்துவிடலாம்.

போன வாரம் எல்லாக் கதவுக்கு அடியிலும் ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ்: நீளமான முடி உள்ளவர்கள் குளிக்கும் முன் தலையை வாரிக்கொள்ளவும். அன்றைக்கு லிஃப்டில் கீழ்வீட்டுக்காரரைப் பார்த்தேன். தனியாக இருக்கிறவர், தலை பளபளவென்று வழுக்கை. உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டேன். தேங்குகிறதாம், அவருக்கும் இரண்டு பாட்டில் ஊற்றிவிட்டுப் போனார்களாம். நாளைக்குக் காலையில் ஸ்க்ரூடிரைவரோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.