ஏற்புரையைக் கடைசியில் வைக்காதீர்கள்

ஏப்ரல் வந்தால் பணி நிறைவுப் பாராட்டு விழா அழைப்பிதழ்கள் வரிசையாக வரும். நிகழ்ச்சி நிரல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வரவேற்புரை, தலைமையுரை, பத்துப் பன்னிரண்டு வாழ்த்துரை, ஒவ்வொன்றுக்கும் நடுவே பொன்னாடை, அப்புறம் நினைவுப் பரிசு. எல்லாம் முடிந்த பிறகுதான் ஏற்புரை. விடைபெறும் தலைமையாசிரியர் மைக்கைப் பிடிக்கும்போது தரையில் உட்கார்ந்த சின்னப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியிருப்பார்கள். வேலைக்குப் போக வேண்டிய பெற்றோர் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். யாருக்காகப் பேச நினைத்தாரோ அவர்கள் யாரும் கேட்கிற நிலையில் இருக்க மாட்டார்கள். இதைப் பல வருஷமாகப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஹெச்.எம். டீச்சர் போன வருஷம் ஓய்வு பெற்றார். ஜனவரியிலேயே அறுபது நிறைந்துவிட்டது. ஆண்டின் நடுவில் பிள்ளைகள் தவிக்கக் கூடாது என்று தரப்படும் மறுநியமனத்தில் கல்வியாண்டு முடியும்வரை இருந்தார். விழா நிரலை எழுதியது நான். அதைப் பார்த்ததும், "தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் நான் பேசிவிடுகிறேன் சார், பாராட்டெல்லாம் பிறகு நடக்கட்டும்" என்றார்.

முதலில் பேசியது பிள்ளைகளிடம். மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். "ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் இருக்க மாட்டேன். மணி அடிக்கும், காலைச் சாப்பாடு வரும், உங்க டீச்சர் எல்லாரும் இருப்பாங்க" என்றார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அப்போ கேட்டை யாரு திறப்பா?" என்று கேட்டான். தினமும் எட்டு மணிக்கு கேட்டைத் திறப்பது ஹெச்.எம். டீச்சர்தான், அவனுக்குத் தெரிந்தது அது. அவர் சாவிக்கொத்தை எடுத்து, புது ஹெச்.எம். வரும்வரை பொறுப்பு பார்க்கப் போகிற மூத்த டீச்சரின் கையில் எல்லாரும் பார்க்கக் கொடுத்தார். பழைய சிவப்பு ரிப்பன் கட்டிய கொத்து. "இனிமே இவங்க திறப்பாங்க" என்றதும் பையன் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெரியவர் போகும்போது குழந்தை பயப்படுவது நாளைக்கு என்ன ஆகும் என்றுதான். அதற்குப் பதில் சொல்லாமல் "நன்றாகப் படியுங்கள், முன்னேறுங்கள்" என்பதில் அவர்களுக்கு எதுவும் இல்லை.

பெற்றோரிடம் பேசியது ஒரே விஷயம். நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, வீட்டோடு நிறுத்துவது அந்த இடைவெளியில்தான். "சான்றிதழ் வாங்கின வாரமே சேர்த்துடுங்க" என்றார். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்கு மேற்படிப்பில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்லி, நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது கைவிட்டுப் போகலாம், யோசித்து முடிவு எடுங்கள் என்றார். பின்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் அதையே திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கடைசியாகப் பணியாளர்கள். இந்த இடத்தில்தான் பல ஏற்புரைகள் சறுக்குகின்றன. சிலர் பழைய மனக்குறையை மேடையில் இறக்கிவைப்பார்கள். சிலர் "நான் வந்தபோது இந்தப் பள்ளி எப்படி இருந்தது தெரியுமா" என்று தொடங்கி, அடுத்து வருபவரின் தலையில் ஒரு பாரத்தை ஏற்றிவிட்டுப் போவார்கள். இன்னொரு தவறு பேர் விடுபடுவது. முன்பு வேறொரு பள்ளியில் ஆசிரியர்கள் அத்தனை பேரையும் பேர் சொல்லி நன்றி சொன்ன ஒருவர், சமையலர் அம்மாவை விட்டுவிட்டார். அவர் மேடைக்குப் பின்னால் அண்டா கழுவிக்கொண்டு முழுப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார்.

எங்கள் ஹெச்.எம். டீச்சர் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். அதில் பேர்கள் தலைகீழ் வரிசையில் இருந்தன. முதலில் தூய்மைப் பணியாளர், அடுத்து சமையல் உதவியாளர், சமையலர், சத்துணவு அமைப்பாளர், அதற்கப்புறம் ஆசிரியர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம், அதில் அவர் செய்த ஒரு காரியம். தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு, "மழை பெஞ்ச அன்னிக்கெல்லாம் எனக்கு முன்னாடியே வந்து வகுப்பறைத் தண்ணிய இறைச்சவங்க" என்றார். அந்த அம்மா கேட் பக்கம் துடைப்பத்தோடு நின்றிருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். அதற்கப்புறம் வாழ்த்துரைகள் நடந்தன, பிள்ளைகளை அவர் முதலிலேயே சாப்பிட அனுப்பிவிட்டார்.

இந்த மாதம் நிரல் எழுதும் ஆசிரியர்களே, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஓய்வு பெறுபவரிடம் எப்போது பேச விரும்புகிறார் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.