மினுக்கினால் ஓரம் கட்டுங்கள் என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா?

விழுப்புரம் தாண்டி ஒரு தம்பியின் பெட்ரோல் காருக்கு நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள், மறுபடி முழுக்கதை எழுதப் போவதில்லை. செக் என்ஜின் லைட் மினுக்குது, வண்டி உதறுது, என்ன பண்ணட்டும் என்று தம்பி வீடியோ போட்டுக் கேட்டார். வந்த பதில்களில் பாதி "பங்க் பெட்ரோல் சரியில்ல, அடுத்த தடவை வேற எடத்துல போடு". மீதிப் பாதி "பேட்டரி டெர்மினலைக் கழட்டி பத்து நிமிஷம் கழிச்சு மாட்டு, லைட் போயிடும்". "ஓரம் கட்டி நிறுத்துங்க" என்று எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், பயமுறுத்திப் பிழைக்கிற ஆள். தம்பி சென்னை வரைக்கும் ஓட்டிவிட்டார். இப்போது புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விட்டது. சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் யாரும் அந்த பில்லில் பங்கு போடப் போவதில்லை.

அந்த மஞ்சள் லைட் இரண்டு விதமாகப் பேசும். நிலையாக எரிந்தால், "ஒரு கோளாறைப் பார்த்தேன், குறித்து வைத்திருக்கிறேன், சீக்கிரம் காட்டு" என்று அர்த்தம். மினுக்கினால், "இந்த நிமிஷம் ஒன்று அழிந்துகொண்டிருக்கிறது" என்று அர்த்தம். ஒரே பல்புதான், ஒரே நிறம்தான், சேதி வேறு. இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

எது அழிகிறது என்று கேட்டவர்களுக்காக விளக்கமாகச் சொல்கிறேன். பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டரும் பற்றும்போது கிராங்க் என்கிற சுழல் தண்டு ஒரு துளி வேகமெடுக்கும். கிராங்க் சென்சார் அந்தத் துளியைக்கூட எண்ணுகிறது. ஒரு சிலிண்டர் பற்றாமல் போனால் அந்த இடத்தில் வேகம் தொய்யும். பட்டறையில் 'மிஸ்ஸிங்' என்கிறோமே, அது இதுதான். கம்ப்யூட்டர் இதை இரண்டு தராசில் போடுகிறது. கிராங்க் ஆயிரம் சுற்றுச் சுற்றுவதற்குள் விழும் மிஸ்ஸிங், புகையின் அளவைக் கெடுக்கிற அளவுக்குப் போனால் நிலையான லைட். இருநூறு சுற்றுக்குள் கன்வர்ட்டரையே கெடுக்கிற அளவுக்குப் போனால் மினுக்கல். 3,000 ஆர்பிஎம்மில் இருநூறு சுற்று என்பது நாலே விநாடி. அதே வேகத்தில் ஒரு சிலிண்டர் முழுக்கச் செத்துக் கிடந்தால் விநாடிக்கு 25 தடவை எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே சைலன்சர் பக்கம் போகும்.

போய் எங்கே எரியும்? கன்வர்ட்டருக்குள். உள்ளே தேன்கூடு மாதிரி மெல்லிய பீங்கான் கட்டி. சாதாரணமாக 400 முதல் 800 டிகிரி வரை சூட்டில் வேலை செய்கிற சாமான் அது. உள்ளேயே பெட்ரோல் எரிந்தால் ஆயிரத்தைத் தாண்டும், மேல்பூச்சு செத்துப்போகும். இன்னும் ஏறினால் பீங்கானே உருகிக் கண் அடைத்துக்கொள்ளும். அப்புறம் வண்டி இழுக்காது, மேடு ஏறாது, அடிப்பக்கம் அனல் அடிக்கும். இருட்டில் குனிந்து பார்த்தால் கன்வர்ட்டர் செக்கச்செவேல் என்று தெரியும். அதைக் காய்ந்த புல் மேல் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, ஓரமா நின்னேன், மினுக்கறது நின்னு சும்மா எரிஞ்சுது, சரியாயிடுச்சுன்னு கிளம்பிட்டேன்" என்கிறார் தம்பி. இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் என்ஜின் மேல் பாரம் குறைகிறது, மிஸ்ஸிங் குறைகிறது, மினுக்கல் நின்று நிலையாக எரிகிறது. குணமாகவில்லை, சுமையை இறக்கி வைத்ததால் அடங்கியிருக்கிறது. மறுபடி பஸ்ஸை முந்த மிதித்தால் மறுபடி மினுக்கும். ஒரு தடவை மினுக்கி நின்ற லைட்டை நிலையான லைட் என்று கணக்கில் எடுக்கக்கூடாது.

"ராத்திரி ஹைவேயில், குழந்தைகளோடு, நடுவழியில் நிறுத்தச் சொல்றீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். இது நியாயமான கேள்வி, இதற்கு மரியாதையாகவே பதில் சொல்கிறேன். ஏசியை அணையுங்கள். காலைத் தளர்த்துங்கள், ஆக்சிலேட்டரை முட்டை மேல் கால் வைத்த மாதிரி தொடுங்கள். மினுக்கல் நிற்கிற வேகம் எதுவோ அந்த வேகத்தில், அது நாற்பதாக இருந்தாலும் சரி, அடுத்த பங்க் அல்லது வெளிச்சமான இடம் வரை போங்கள். அங்கேதான், சென்னைக்கு இல்லை. எவ்வளவு மெதுவாகப் போனாலும் மினுக்கல் நிற்கவில்லை என்றால் அங்கேயே ஓரம்தான், டோயிங்தான். ஓடுகிற வண்டியில் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும்.

"நான் ஆறு மாசமா அந்த லைட்டோடதான் ஓட்றேன்" என்று மார்தட்டிய அண்ணனுக்கு: உங்களுடையது நிலையாக எரிகிற லைட். நான் பேசியது மினுக்கல் பற்றி. படித்துவிட்டுத் திட்டினால் எனக்கும் ஒரு திருப்தி இருக்கும். டீசல் வண்டிக்காரர்களும் இதில் சேராதீர்கள். உங்கள் மீட்டரில் சுருள் மாதிரி மினுக்குகிற விளக்கு வேறு, அதன் கதை வேறு.

சரி, வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கிற கையடக்க கோடு ரீடர். "ஸ்கேனர் விக்கறதுக்குத்தான் இவ்வளவு பேச்சு" என்ற கமெண்டுக்கு நாற்பது லைக். நான் எதையும் விற்பதில்லை. 2013-க்குப் பிறகு வந்த நம்மூர் பெட்ரோல் கார் என்றால் ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் பதினாறு பின் சாக்கெட் இருக்கும். அதில் ரீடரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் போதும். லைட் மினுக்குகிறதா நிலையாக எரிகிறதா என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். ரீடர் அதற்கு மேல் மூன்று விஷயம் சொல்கிறது.

முதலாவது, எந்த சிலிண்டர். P0301 என்றால் ஒன்று, P0303 என்றால் மூன்று, P0300 என்றால் குறிப்பிட்டு ஒன்றில் இல்லை, மாறி மாறி விழுகிறது. இரண்டாவது, இன்னும் லைட் போடாத கோளாறு. பல கோளாறுகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் பிடிபட்டால்தான் லைட் எரியும். முதல் ஓட்டத்திலேயே ரீடர் அதை `Pending` என்று காட்டும். லைட் தானாக அணைந்த வண்டியிலும் கோடு கொஞ்ச காலம் உள்ளே உட்கார்ந்திருக்கும். மூன்றாவதுதான் தங்கம், `Freeze Frame`. கோளாறு பிடிபட்ட அந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், பாரம், தண்ணீர்ச் சூடு எல்லாம் எவ்வளவு என்று ஒரு போட்டோ.

பேட்டரி டெர்மினலைக் கழட்டச் சொன்ன மகான்கள் அழிக்கச் சொன்னது இந்த போட்டோவைத்தான். வண்டி சரியாகாது, சாட்சி மட்டும் காணாமல் போகும். ரீடரில் `Erase` அமுக்கினாலும் அதேதான். முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லை போனில் படமெடுங்கள், அப்புறம் அழியுங்கள்.

போன மாதம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருடையது, நாலு சிலிண்டர் பெட்ரோல், பிளக் ஒவ்வொன்றுக்கும் தலையில், நெருப்புப் பொறிக்கு மின்சாரம் தரும் தனி காயில். மேம்பாலம் ஏறும்போது மட்டும் மினுக்கும், சமதளத்தில் நிலையாக எரியும். வேறொரு இடத்தில் நாலு காயிலையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ரீடரில் P0303. `Freeze Frame`-ல் 2,400 ஆர்பிஎம், பாரம் 81 சதவீதம், தண்ணீர் 90 டிகிரி, கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் LTFT +3 சதவீதம். கடைசி எண்தான் எனக்கு வேண்டியது. கலவையில் பெட்ரோல் குறைந்து கம்ப்யூட்டர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தால் அது +15, +20 என்று நிற்கும். +3 என்றால் மொத்தத்தில் பெட்ரோல் பக்கம் பெரிய குறை இல்லை. என்ஜின் சூடாகி, பாரமும் ஏறினால்தான் விழுகிறது என்பதால் முதல் சந்தேகம் நெருப்பு மேல்.

மூன்றாம் காயிலைக் கழட்டி ஒன்றில் மாட்டி, ஒன்றில் இருந்ததை மூன்றில் மாட்டி, கோடை அழித்து, அதே பாலத்தில் ஒரு ஏற்றம். மினுக்கியதும் காலை எடுத்தாயிற்று. மறுபடி P0303. கோடு காயிலோடு நகரவில்லை, ஆக காயில் நல்லது. அடுத்து மூன்றாம் பிளக்கையும் இரண்டாம் பிளக்கையும் இடம் மாற்றினோம். இந்தத் தடவை P0302. கோடு பிளக்கோடு நகர்ந்துவிட்டது. கழட்டி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நுனிப் பீங்கானில் மயிரிழை விரிசல். சும்மா ஓடும்போது நெருப்பு முனையில் தாவும். மிதித்து உள்ளே அழுத்தம் ஏறினால் விரிசல் வழியாகக் கசிந்துவிடும். மாட்டும்போது யாரோ கீழே போட்ட பிளக்காக இருக்கலாம். வயதாகிவிட்டதே என்று நாலு பிளக்கும் புதிதாகப் போட்டோம். நாலு காயில் பணம் வாத்தியாரின் பையிலேயே இருக்கிறது.

இதற்காக ரீடரைக் கும்பிடவும் சொல்லவில்லை. P0303 என்பது சிலிண்டரின் முகவரி, குற்றவாளியின் பெயர் இல்லை. காயில், பிளக், இன்ஜெக்டர், வால்வு எது போனாலும் அதே நம்பர்தான் வரும். காயிலும் பிளக்கும் இடம் மாறியும் கோடு நகரவில்லை என்றால் இன்ஜெக்டரையும் மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கும் அசையவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ்தான் பேச வேண்டும், ரீடரால் கம்ப்ரஷன் அளக்க முடியாது. கோடு பார்த்ததும் பார்ட் ஆர்டர் போடுகிறவர்கள் டெர்மினல் கழட்டுகிறவர்களுக்குத் தம்பிமார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, ஓடுகிற என்ஜினில் காயிலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி "எதுல சத்தம் மாறல பாரு" என்று தேடுகிறவர்கள். கார்புரேட்டர் காலத்து வைத்தியம். பிடுங்கிய ஒவ்வொரு விநாடியும் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போகிறது.

தம்பிக்கு மட்டும் இது. கோபம் உங்கள் மேல் இல்லை, நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் சொன்னார்கள். புது கன்வர்ட்டருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மிஸ்ஸிங் எதனால் வந்தது என்று பட்டறையில் கேளுங்கள். "கன்வர்ட்டர் அடைச்சதால மிஸ்ஸிங்" என்றார்கள் என்றால் அன்றைக்கு எது முதலில் வந்தது என்று உங்கள் வீடியோவைக் காட்டுங்கள். உதறலும் மினுக்கலும் விழுப்புரம் தாண்டியே வந்துவிட்டன என்று நீங்களே அதில் சொல்கிறீர்கள், இழுக்காமல் போனது அதற்கப்புறம் செங்கல்பட்டு பக்கம்தான். பழைய கன்வர்ட்டரை இறக்கும் முன் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் ஆர்பிஎம் ஏற்றும்போது முள் ஏறிக்கொண்டே போகும். மிஸ்ஸிங்குக்குக் காரணமான காயிலையோ பிளக்கையோ மாற்றாமல் புது கன்வர்ட்டரைப் போட்டால், அதுவும் அடுத்த திண்டிவனம் வரைக்கும்தான்.